விரலில் 158, ரிப்போர்ட்டில் 4.8

கூடலூர்ப் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 158. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 236. லேபில் ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சந்தேகப்பட வேண்டும். இவர் அதை எப்போதோ தாண்டிவிட்டார். ஆனால் அதே நாளில் எடுத்த ‘மூணு மாச சுகர்’, அதாவது ஹெச்பிஏ1சி, 4.8 என்று வருகிறது. 5.7க்குக் கீழே இருந்தால் நார்மல். 6.5ஐ எட்டினால்தான் சர்க்கரை நோய். அந்தக் காகிதத்தின்படி இவருக்கு ஒன்றுமே இல்லை.

‘மூணு மாச சராசரியே நல்லா இருக்கு, அப்புறம் என்ன?’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுவார்கள். காலையில் எடுத்த சுகர் ஒரு நாள் கணக்கு, ஹெச்பிஏ1சிதான் உண்மையான கணக்கு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது சரியும்கூட. இவருக்கு மட்டும் பொய்யாக இருப்பது அந்த 4.8தான். லேப்காரர் ரத்தத்தை மாற்றிவிட்டதால் வந்த பொய் இல்லை இது. இவர் பிறக்கும்போதே கொண்டுவந்த ஹீமோகுளோபின் வேறு மாதிரி. இவர் சிக்கிள் செல் கேரியர்.

ஹெச்பிஏ1சி எதை அளக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல அது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் ஒட்டுவதும் கூடும். ஒட்டியது அந்தச் சிவப்பணு சாகும்வரை போவதில்லை. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். எல்லா வயதுச் சிவப்பணுக்களும் கலந்துதான் ரத்தத்தில் ஓடுகின்றன என்பதால், ஹெச்பிஏ1சியில் ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்தின் கணக்காகவும் மீதி அதற்கு முந்தைய மாதங்களின் கணக்காகவும் இருக்கும்.

ஆக, இந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, எல்லோருக்கும் இருப்பது ஒரே ஹீமோகுளோபின்; அதற்குப் பெயர் ஹீமோகுளோபின் ஏ. இன்னொன்று, எல்லோருடைய சிவப்பணுவும் ஏறக்குறைய ஒரே அளவு நாள் வாழ்கிறது. இந்த இரண்டில் எது பொய்த்தாலும் எண்ணும் பொய்க்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு பொய்கள். முதல் பொய்யை வேறு முறையில் பரிசோதனை செய்து திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த எந்த இயந்திரத்தாலும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹெச்பிஏ1சிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததே மாறுபட்ட ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர்தான். ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பார் 1960களில் டெஹ்ரானில் நோயாளிகளின் ரத்தத்தை மின்னோட்டத்தில் பிரித்து, வழக்கமில்லாத ஹீமோகுளோபின் தென்படுகிறதா என்று பார்த்துவந்தார். சிலருடைய ரத்தத்தில் வழக்கத்தைவிட வேகமாக நகரும் ஒரு பட்டை தெரிந்தது. புதிய பரம்பரை ஹீமோகுளோபின் ஒன்று சிக்கியதுபோலத்தான் இருந்தது. விசாரித்தால், அவர்களுக்குச் சர்க்கரை நோய். மற்ற சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தால் அவர்களுக்கும் அதே பட்டை. 1968இல் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய பரிசோதனை வளர்ந்து வந்தது.

இனி சிக்கிள் செல்லுக்கு வருவோம். ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று உண்டு. 146 அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தது அது. அதில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து உட்கார்ந்துவிட்டால் அது ஹீமோகுளோபின் எஸ். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இது வந்தால் சிக்கிள் செல் நோய்: சிவப்பணு அரிவாள்போல வளையும், உடல் வலிக்கும், ரத்தம் குறையும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கேரியர். கேரியருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. தான் கேரியர் என்பதே தெரியாமல் எழுபது எண்பது வயதுவரை வாழ்ந்துவிடலாம். அவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ அறுபது சதவீதத்துக்குச் சற்று மேலேயும் எஸ் முப்பத்தைந்து, நாற்பது சதவீதமும் இருக்கும்.

இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது நம் நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். அதற்குமுன் இது ஆப்பிரிக்க வழி வந்தவர்களுக்கு மட்டுமே உரிய நோய் என்று மருத்துவ உலகம் பெரிதும் நம்பியிருந்தது. இன்று கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களிலும், எல்லை தாண்டி வயநாட்டிலும் இது இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மத்திய இந்தியாவில் இன்னும் அதிகம். சர்க்கரை நோயோ இன்று யாரையும் விட்டுவைப்பதில்லை, மலைக் கிராமங்களையும் சேர்த்துத்தான். இரண்டும் ஒரே உடம்பில் சேர்வது அதிசயமில்லை.

நம் கூடலூர்க்காரரின் 4.8 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அவருடைய உண்மையான அளவு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நூறு ஹீமோகுளோபினில் எட்டில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. அவருக்கு ஏ அறுபது, எஸ் நாற்பது. குளுக்கோஸ் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் ஒட்டும். அப்படியானால் ஏ வகையில் சர்க்கரை ஒட்டியது 4.8, எஸ் வகையில் ஒட்டியது 3.2. பெரிய லேப்களில் பரவலாக உள்ள ஹெச்பிஎல்சி இயந்திரம், ஹீமோகுளோபினை அதன் மின்னூட்டத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. எஸ் வகைக்கு மின்னூட்டம் வேறு. அதனால் சர்க்கரை ஒட்டிய எஸ், ஹெச்பிஏ1சி வரும் இடத்தில் வருவதில்லை, வேறிடத்தில் போய் விழுகிறது. இயந்திரம் 4.8ஐ மட்டும் எண்ணி, மொத்தம் நூறால் வகுத்தால் விடை 4.8 சதவீதம். இரண்டு பந்தி நடக்கும் கல்யாணத்தில் ஒரு பந்தியில் சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வந்தவர்கள் மொத்தப் பேரால் வகுத்த மாதிரி.

வகுப்பதைச் சரியாக வகுத்தால் சிக்கல் தீர்ந்தது. ஏ வகை அறுபதை மட்டும் கீழே போட்டு 4.8ஐ வகுத்தால் விடை எட்டு. இன்று வரும் நல்ல ஹெச்பிஎல்சி இயந்திரங்கள் பல, எஸ் இருப்பதை அடையாளம் கண்டு இப்படித்தான் கணக்கிடுகின்றன. பழைய இயந்திரங்களிலும், இருப்பதிலேயே வேகமான திட்டத்தில் ஓடவிடும்போதும்தான் தவறு வருகிறது. எட்டு என்றால் சராசரி சர்க்கரை சுமார் 183, 4.8 என்றால் சுமார் 91. முதல் எண்ணுக்கு மருந்து, இரண்டாவதற்குப் பாராட்டு.

வேறு முறையில் அளக்கும் இயந்திரங்களும் உண்டு. ஒரு முறையில், பீட்டா சங்கிலியின் முனையையும் அதில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்து ஆன்டிபாடி கண்டுபிடிக்கிறது. அது பார்ப்பது சங்கிலியின் முதல் சில அமிலங்களை மட்டுமே. எஸ் மாற்றம் ஆறாவது இடத்தில், அதாவது அதன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் சில கிட்கள் குழம்பும். வடகிழக்கிலும் வங்காளத்திலும் அதிகம் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ-யில் மாற்றம் 26ஆவது இடத்தில். பஞ்சாபின் பெயரைத் தாங்கிய ஹீமோகுளோபின் டி-யில் 121ஆவது இடத்தில். அவ்வளவு தள்ளி இருப்பதால் ஆன்டிபாடி அவற்றைக் கண்டுகொள்வதில்லை, எண்ணும் பொதுவாகச் சரியாகவே வரும். ஆனால் அதே ஈ-யும் டி-யும் சில ஹெச்பிஎல்சி இயந்திரங்களைக் குழப்பும். மூன்றாவது முறை போரோனேட். அது ஹீமோகுளோபினின் சாதியைக் கேட்பதே இல்லை. சர்க்கரை ஒட்டியிருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும். கேரியர்களுக்கு இதுதான் அதிகம் ஏமாற்றாத முறை.

ஆனால் ஏமாறாத முறைக்கு ஒரு குறை உண்டு. போரோனேட்டும் ஆன்டிபாடியும் எண்ணை மட்டும் தரும். உங்களுக்கு எஸ் இருக்கிறதா, ஈ இருக்கிறதா என்று சொல்லாது. சின்ன கிளினிக்குகளில் மேசைமேல் வைத்து ஐந்து பத்து நிமிடத்தில் ரிசல்ட் தரும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். ஹெச்பிஎல்சியோ எண்ணைத் தவறவிட்டாலும் கூடவே ஒரு வரைபடம் தரும். மலைச் சிகரம்போல வரிசையாக ஏறி இறங்கும் கோடு. அதில் இருக்கக் கூடாத இடத்தில் பெரிதாக ஒரு சிகரம் நின்றால், அதுதான் மாறுபட்ட ஹீமோகுளோபின். சர்க்கரை பார்க்கப் போய், தனக்கு இப்படி ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் நிறைய. என் எரிச்சல் என்னவென்றால், பல லேப்கள் அந்த வரைபடத்தை நோயாளிக்குத் தரும் ரிப்போர்ட்டில் சேர்ப்பதே இல்லை. எண் மட்டும் தடித்த எழுத்தில் வரும். உண்மையைச் சொன்ன படம் லேபிலேயே தங்கிவிடும்.

இதுவரை சொன்னது முதல் பொய். இயந்திரத்தை மாற்றினால் தீரும். இரண்டாவது பொய் சிவப்பணுவின் ஆயுளில் இருக்கிறது. சிக்கிள் செல் நோய் முழுதாக வந்தவர்களுக்குச் சிவப்பணு 120 நாள் வாழ்வதில்லை. பத்து, இருபது நாளில் உடைந்துவிடுகிறது. சர்க்கரை ஒட்டுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் ஒட்டிய பங்கு குறைவாகவே இருக்கும். இரண்டு பக்கமும் எஸ் வாங்கியவருக்கு ஹீமோகுளோபின் ஏ என்பதே இல்லாததால், ஹெச்பிஏ1சி என்று அளப்பதற்கும் எதுவும் இல்லை. போதாததற்கு அவர்கள் சாப்பிடும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை, குழந்தைப் பருவ ஹீமோகுளோபினான எஃப் வகையைக் கூட்டும். அது நிறையக் கூடினால் போரோனேட் முறைகூட குறைத்துக் காட்டலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கோ, ரிப்போர்ட்டில் வருவது பாதி அவர்களுடைய சர்க்கரை, பாதி ரத்தம் கொடுத்தவருடைய சர்க்கரை. இவர்களுக்கு எந்த இயந்திரத்தில் எடுத்தாலும் ஹெச்பிஏ1சி வீண்.

தலசீமியா மேஜர் நோயாளிகளின் நிலைமை இன்னும் கொடுமை. மாதாமாதம் ரத்தம் ஏற்றியே வாழ்பவர்கள் அவர்கள். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கணையத்தில் படிந்து, அதனாலேயே பலருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. சர்க்கரையைக் கவனமாகப் பார்த்துவர வேண்டியவர்களுக்கே இந்தப் பரிசோதனை உதவாது. அதனால்தான் அவர்களைக் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கிறார்கள்.

கேரியர்களைப் பொறுத்தவரை நல்ல இயந்திரத்தில் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அவர்களுடைய சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய இயல்பானது என்பது அதற்குக் காரணம். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தது. 4,620 ஆப்பிரிக்க அமெரிக்கர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 367 பேர் கேரியர்கள். சர்க்கரை ஒரே அளவாக இருந்தாலும் கேரியர்களுடைய ஹெச்பிஏ1சி சராசரியாக 0.29 குறைவாக வந்தது. 0.3 என்பது சின்ன எண்தான். ஆனால் 6.5க்கும் 6.2க்கும் நடுவில் ஒருவருக்கு ‘சர்க்கரை நோய்’ என்றும் இன்னொருவருக்கு ‘எல்லையில் இருக்கிறீர்கள்’ என்றும் சொல்கிறோமே! இது ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் பார்த்தது என்பதால் அப்படியே நீலகிரிக்குப் பொருத்திவிட முடியாது. எல்லைக்கோட்டில் நிற்கும் கேரியருக்கு வெறும் வயிற்று சுகரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதுவே போதும்.

தமிழ்நாட்டு வாசகர்களில் சிக்கிள் செல்லைவிட அதிகம் பேருக்குப் பொருந்தக்கூடியது தலசீமியா மைனர். இந்தியாவில் நூறு பேரில் மூன்று நான்கு பேர் இதன் கேரியர்கள் என்பது பொதுவான கணிப்பு. இவர்களுக்கு ஹீமோகுளோபினின் தரத்தில் குறையில்லை. பீட்டா சங்கிலி உற்பத்தி குறைவு, அவ்வளவுதான். சிவப்பணு சின்னதாக இருக்கும், ஹீமோகுளோபின் 11, 12 என்று கொஞ்சம் குறைவாக நிற்கும். ஹெச்பிஏ1சியில் இதனால் வரும் மாற்றம் பெரும்பாலும் சிறியதுதான். ஆபத்து வேறு வழியாக வருகிறது. இவர்களை இரும்புச்சத்துக் குறைவு என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவோ ஹெச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்தும். புதிய சிவப்பணு உற்பத்தி மந்தமாகும்போது, ரத்தத்தில் ஓடுபவற்றில் வயதானவை கூடுகின்றன. வயதானவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு 6.0 என்று வந்து, சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று சோறு குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டு ரத்தம் ஊறியபின் எடுத்தால் எண் இறங்கிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான கணக்கு உண்டு. சாதாரண சிபிசி ரிப்போர்ட்டே போதும். அதில் எம்சிவி என்று ஓர் எண் இருக்கும்; சிவப்பணுவின் பருமன் அது, எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும். சிவப்பணு எண்ணிக்கை இன்னோர் எண், நான்கு, ஐந்து மில்லியன் என்று போட்டிருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒருவருக்கு எம்சிவி 65, எண்ணிக்கை 5.8 என்றால் விடை 11 சொச்சம். இன்னொருவருக்கு எம்சிவி 70, எண்ணிக்கை 4.2 என்றால் விடை 16 சொச்சம். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனர் பக்கம் சாய்கிறது. மேலே வந்தால் இரும்புக் குறைவு பக்கம். மென்ட்சர் இன்டெக்ஸ் என்று இதற்குப் பெயர். சந்தேகத்தைக் கிளப்பத்தான் இது உதவும், முடிவு சொல்ல உதவாது. ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரசிஸில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருந்தால் இரும்புக் குறைவு ஏ2வை இறக்கிக் காட்டி, தலசீமியாவை மறைத்துவிடும். அதனால் முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டு அப்புறம் எடுப்பது நல்லது.

மாறுபட்ட ஹீமோகுளோபின் எல்லாமே எண்ணைக் குறைத்துத்தான் காட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அபூர்வமாகச் சில வகைகள், சர்க்கரை எதுவும் ஒட்டாமலேயே ஹெச்பிஏ1சி வரும் இடத்திலேயே போய் நிற்கும். அப்போது ரிப்போர்ட் எகிறும். 15க்கு மேல் ஒரு எண் வந்து, ஆளோ நடந்து வந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், மருந்தை ஏற்றுவதற்குமுன் ஹீமோகுளோபினைச் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். மேலே பார்த்த 4.8 மருந்தைத் தாமதப்படுத்தும். இது தேவையில்லாத மருந்தைக் கொடுக்க வைக்கும்.

நம் கூடலூர்க்காரருக்கு இனி என்ன செய்வது? முதல் வேலை, பொருந்தாத இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் ஒரே டாக்டர் முன்னால் வைப்பது. வீட்டில் பார்த்த சுகர் எண்களைத் தேதியோடு எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, லேபில் இரண்டு கேள்வி: எந்த முறையில் எடுத்தீர்கள்? ஹெச்பிஎல்சி என்றால் வரைபடத்தில் வேறு சிகரம் ஏதும் இருந்ததா? எஸ் என்று தெரிந்தால் எலக்ட்ரோஃபோரசிஸில் உறுதி செய்துகொண்டு, போரோனேட் முறையில் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். இவருக்கு அது எட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஃப்ரக்டோசமைன் என்று இன்னொரு பரிசோதனை உண்டு. அது ஹீமோகுளோபினைத் தொடுவதே இல்லை. ரத்தத்தில் உள்ள புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, கடைசி இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும். சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் இதுவும் தவறும். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரை இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. வசதி இல்லையென்றால், காலையிலும் சாப்பிட்ட பின்பும் விரலில் குத்திப் பார்ப்பதே இவருக்கு ஹெச்பிஏ1சியைவிட நேர்மையான சாட்சி.

லேபை மாற்றும்போது எண் திடீரென்று இரண்டு மூன்று புள்ளி மாறினால், ‘அந்த லேப் சரியில்லை’ என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டு லேபும் தத்தம் முறையில் சரியாகவே எடுத்திருக்கலாம். முறை வேறு, ரத்தம் வேறு மாதிரி.

கேரியர் என்று தெரிந்தால் வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் பேசும் வயதில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, நோய் முழுதாக வர வாய்ப்பு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் ரத்தம் எடுத்துப் பார்த்து, முடிவை ஓர் அட்டையாகக் கையில் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும்தான் அந்த அட்டை என்று பெட்டியில் பூட்டிவைக்காமல், சுகர் பார்க்கப் போகும்போதும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.